அப்பாவின் கால், சகுந்தலாவின் குரல், நடுவில் நான்

சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கல்யாண வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். பூக்காரர், சமையல்காரர், போட்டோக்காரர் எல்லாம் முடிந்து கடைசியில் பாட்டுக் கச்சேரிக்கு வந்தாய். "ரிசப்ஷன் மேடை சின்னதும்மா. பேஸ் கிடார்காரர் மட்டும் வேணாம்னு சொல்லிட்டேன். கீபோர்டுலயே அது வந்துடுமாம். அவர் இல்லேன்னா யாருக்குத் தெரியப் போவுது?" என்றாய். நான் "சரிப்பா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அந்த முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. மேடை சின்னதென்றால் சின்னதுதான், என்ன செய்வது. ஆனால் அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. உனக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று என் வாழ்க்கையில் இருக்கிறது. நீ இன்னொரு பெண்ணோடு குடும்பம் தொடங்குவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் ஒரு காலத்தில் மேடையில் பாடினேன், அப்புறம் தொண்டை கெட்டுப்போய் நிறுத்திவிட்டேன் என்று உனக்குத் தெரியும். உங்கப்பா அதே குழுவில் டிரம்ஸ் வாசித்தார் என்றும் தெரியும். பாட்டை நிறுத்திய பிறகும் நான் மேடையை விட்டு இறங்கவில்லை என்பது உனக்குத் தெரியாது. நீ ஒப்புக்கு நிற்கிறவராக நினைத்தாயே, அந்த பேஸ் கிடார்காரர், அவருடைய வேலையைத்தான் நான் அதன்பின் ஐந்தாறு வருஷம் செய்தேன். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று உங்கப்பாவிடம் கேட்டுக்கொண்டவள் நான்தான். பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம்தான். அதற்குள் ஒரு கெட்ட காரியமும் இருப்பதால் மொத்தமாக மூடி வைத்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குப் பத்தொன்பது வயது. முள்ளிப்பட்டில் வீட்டிலேயே உட்கார்ந்து பட்டு நூலைத் தறிக்கான தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பதுதான் என் பகல் வேலை. சாயங்காலம் ஆனால் ஆரணிக்கு பஸ் ஏறுவேன். பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த துரை அண்ணன்தான் எங்கள் மெல்லிசைக் குழுவுக்குத் தலைவர். அவர் ஆர்கன் வாசிப்பார். உங்கப்பா டிரம்ஸ். பேஸ் கிடாருக்கு ஒருவர், முன்னால் மைக்கில் நான். சுற்றுவட்டாரத்தில் பட்டுப் புடவைக்காகக் கல்யாண வீட்டுக்காரர்கள் ஆரணிக்கு வருவார்கள். புடவை எடுத்த கையோடு துரை அண்ணன் கடைக்கும் வந்து, "அந்தப் பொண்ணு பாடுவா இல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் தேதி சொல்வார்கள். அந்தப் பொண்ணு நான். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு என் தலை எவ்வளவு கனத்திருந்தது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு கல்யாண சீசன் முழுக்கத் தொண்டை வலியோடு பாடினேன். வெந்நீர் குடித்தேன், மிளகு மென்றேன், நிறுத்தவில்லை. தை மாசம் முடியும்போது மேல் ஸ்தாயியில் காற்றுதான் வந்தது. வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, குரல் நாண்களில் சின்னச் சின்ன முடிச்சு விழுந்திருக்கிறது, மூன்று மாசம் வாயைத் திறக்காதே என்றார். திறக்கவில்லை. சாப்பாடு வேண்டும் என்பதைக்கூடக் கையால் காட்டினேன். மூன்று மாசம் கழித்துப் பேச்சு வந்தது, கீழ்க்குரல் வந்தது. மேலே போகும் பாதை மட்டும் மூடிக்கொண்டது. நான் தார் சுற்றிக்கொண்டே தினம் அந்தப் பாதையைத் தட்டிப் பார்ப்பேன். திறக்கவே இல்லை.

அதே சமயத்தில் எங்கள் பேஸ் கிடார்காரர் வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கிடார் துரை அண்ணனுடையது, கடைப் பரணில் கிடந்தது. அவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "குரல்தானே போச்சு? காது போவல இல்ல? வந்து அந்த கிடார புடிம்மா" என்றார். இரக்கப்பட்டு ஒரு மூலையில் நிற்க இடம் கொடுக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். மறுக்கவும் மனசில்லை. வீட்டில் உட்கார்ந்திருப்பதை விட மூலை மேல்.

அதை முதல் தடவை தோளில் மாட்டியபோது பாரம் இடுப்பு வரைக்கும் இறங்கியது. நாலே கம்பி. சாதா கிடாரில் கனமாக இருக்கும் நாலு கம்பிகளின் அதே ஸ்வரங்கள், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. கம்பி ஒவ்வொன்றும் தார்க்குச்சி மாதிரி தடிமன். கிடாரின் கழுத்தில் கம்பியை அழுத்தும் கட்டங்கள் அவ்வளவு அகலம், என் சின்னக் கைக்கு முதல் கட்டத்திலிருந்து நாலாவதுக்கு விரல் எட்டாது. மணிக்கட்டைக் கீழே தணித்து, கட்டைவிரலைக் கழுத்துக்குப் பின்னால் நடுவில் வைத்துத்தான் சமாளித்தேன். ஒரு மாசத்தில் இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போயின. காய்த்த தோல் பட்டு இழையைப் பிடித்து இழுத்தது. இழை அறுந்து அறுந்து, வேலை கொடுத்தவர் "இன்னாம்மா இது, நூலு பூரா பிசிறா கீது" என்று திட்டினார். தினம் காலையில் விரல் நுனியைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டுதான் நூலைத் தொடுவேன்.

ஒத்திகை ரேடியோ கடையின் பின்கட்டில் நடக்கும். பக்கத்தில் பட்டு நூல் முறுக்கும் மில். அந்த மெஷினின் உறுமலும் என் தடித்த கம்பிகளின் சத்தமும் ஏறக்குறைய ஒரே குரல். மில் ஓடும்போது நான் வாசிப்பது எனக்கே கேட்காது. அதனால் மில்லுக்கு லீவு விடும் நாளில் உங்கப்பாவும் நானும் மட்டும் முன்கூட்டியே வந்து பழகுவோம். உங்கப்பா கண்ணமங்கலம் பக்கம் கூலிக்கு ஏர் ஓட்டிய குடும்பத்துப் பிள்ளை. அந்தக் காலத்தில் லாரி செட்டில் வேலை. அதிகம் பேச மாட்டார். நான் வந்த புதிதில், பாடியவள் இல்லையா, ஒவ்வொரு இடத்திலும் என் திறமையைக் காட்டினேன். பாட்டின் மெட்டையே கம்பியில் வாசித்தேன். டிரம்ஸில் எத்தனை அடி விழுகிறதோ அத்தனைக்கும் ஒரு ஸ்வரம் போட்டேன். ஒருநாள் அவர் குச்சியைக் கீழே வைத்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க என் கைய பாத்துகினு வாசிக்கிறீங்க. கைய வுடுங்க. என் காலப் பாருங்க."

அவர் காலடியில் பெடலை மிதித்தால் அடிக்கும் பெரிய டிரம் இருந்தது. கிக் என்போம். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை மட்டும் மிதித்தார். தும்... தும்தும்... "இது வுயற எடத்துல மட்டும் ஒரு சொரம். அதுக்கு முன்னயும் வேணாம், பின்னயும் வேணாம்." வாசித்தேன். நாலைந்து தடவை முன்னே பின்னே போனது. பிறகு ஒரு தடவை சரியாக விழுந்தது, சரவணா. கிக் என்பது வெறும் அடி, அதற்கு ஸ்வரம் கிடையாது. என் கம்பிக்கு ஸ்வரம் உண்டு, ஆனால் அடியின் கூர்மை கிடையாது. இரண்டும் ஒரே நொடியில் விழுந்தபோது, அந்தப் பெரிய டிரம்மே வாய் திறந்து ஸ்வரம் பாடியது போல இருந்தது. எங்கே கால் முடிந்தது, எங்கே விரல் ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. என் நெஞ்செலும்பில் அது மோதியது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஒத்திகையில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்தது, ஸ்வரத்தை எங்கே தொடங்குவது என்பதோடு எங்கே முடிப்பது என்பதும். கம்பி தானாக ஓயும்வரை விட்டுவிட்டால் சத்தம் வழிந்து, அவர் இடது கையில் அடிக்கும் ஸ்நேர் டிரம்மின் பளீர் அடி அதில் மூழ்கிவிடும். ஸ்நேர் விழும் அதே நேரத்தில் இடது விரலைச் சற்றே தளர்த்தி என் ஸ்வரத்தை அணைத்தால், அந்த அடி கண்ணாடி மாதிரித் தெளிந்து நிற்கும். வாசிப்பதைவிட அணைப்பதுதான் கஷ்டம். அதற்கு எனக்கு ஆறு மாசம் பிடித்தது.

இவ்வளவும் தாளத்துப் பக்கம். என் இன்னொரு கை துரை அண்ணனின் ஆர்கனைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். அவர் ஸ, க, ப என்று மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவார். கார்டு என்பார்கள். அதற்கு அடியில் நான் ஸ வாசித்தால் அது வெளிச்சமாக, நிம்மதியாக இருக்கும். ஒருநாள் தவறுதலாக அதன் அடியில் த வாசித்துவிட்டேன். துரை அண்ணன் விரலை நகர்த்தவே இல்லை, அதே மூன்று ஸ்வரம்தான். ஆனால் முழுப் பாட்டும் மேகம் மூடியது மாதிரி சோகமாகிவிட்டது. "இன்னாம்மா, நான் சிரிச்சிகினு புடிக்கிறேன், நீ அடியில நின்னு அய வெக்கிறியே!" என்று அவர் கத்தினார். அன்று நான் தெரிந்துகொண்டேன். மேலே யார் எதை வாசித்தாலும், அது என்ன என்று கடைசியில் தீர்மானிப்பது கீழே இருக்கிற ஒற்றை ஸ்வரம். பாடுகிறவளின் காது, தன்னை அறியாமல், அந்தக் கீழ் ஸ்வரத்தின் மேல்தான் நிற்கிறது. பாடின காலத்தில் நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். என்னைத் தாங்கியவரை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இதைத் தெரிந்துகொண்டது நல்லதுக்கு மட்டும் பயன்பட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

எனக்குப் பதிலாகப் பாட சகுந்தலா வந்தாள். கண்ணமங்கலத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். என்னிடம் மூடிக்கொண்ட அந்த மேல் பாதையில் அவள் ஓடி விளையாடுவாள். "அக்கா, இந்த எடத்துல நீங்க எப்டி மூச்சு எடுப்பீங்க?" என்று என்னிடமே கேட்பாள். சொல்லிக் கொடுப்பேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுப்பேன். ஒரு வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் வந்து, என் முன்னாலேயே துரை அண்ணனிடம், "அந்தப் பொண்ணு பாடுவா இல்ல?" என்று கேட்டார். அவர் சொன்ன பொண்ணு சகுந்தலா.

அந்த ரிசப்ஷன் போளூரில். சாயங்காலம், மண்டபம் நிறைய ஜனம். முன்வரிசையில் சகுந்தலாவின் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மேடையில் பாடி வீட்டார் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மெதுவான பாட்டு ஒன்று. சரணம் முடியும் இடத்தில் மற்ற எல்லாம் அடங்க, அவள் மேல் ஸ்வரம் ஸ-வைப் பிடித்து நீளமாக நிற்க வேண்டும். ஆர்கன் லேசாக கார்டு பிடிக்கும். நான் கீழே ஸ வாசிக்க வேண்டும். இரண்டாவது கம்பியில் மூன்றாவது கட்டம். என் விரல் அங்கேதான் இருந்தது. நான் அதை ஒரு கட்டம் கீழே இறக்கி, நி-யை அழுத்தி, நீளமாக விட்டேன்.

தவறவில்லை. தெரிந்தே செய்தேன்.

அவ்வளவு கீழே ஒலிக்கும் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று கேட்கிறவர்களுக்குப் பிடிபடாது. அவர்களுக்குக் காதில் விழுவது பாடுகிற குரல்தான். அரை ஸ்வரம் உரசியதும் மண்டபமே முகம் சுளித்தது, எல்லோர் கண்ணும் சகுந்தலா மேல். அவளுக்குக் காலடி நகர்ந்துவிட்டது. தன் குரல்தான் பிசகியது என்று நினைத்து, என் நி-யைத் தேடிக் கீழே இறங்கினாள். இப்போது ஆர்கனோடு மோதியது. மறுபடி மேலே ஏறப் பார்த்தாள், குரல் நடுங்கியது. பின்னாலிருந்து யாரோ, "சுதி பூட்ச்சிடா!" என்று கத்த, ஒரு சிரிப்பலை எழுந்தது. அவள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பாட்டை எப்படியோ முடித்தாள். அடுத்த பாட்டுக்கு மைக் முன்னால் வரவில்லை. படியில் உட்கார்ந்து, "எனக்கு சுதி நிக்கல துரை அண்ணா, நான் இனிமே பாடல" என்று அழுதாள். குரலை இழப்பது எப்படி என்று அந்த மேடையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதை அவளுக்குச் செய்தவளும் நான்தான்.

துரை அண்ணன் அதைச் சகுந்தலாவின் பயம் என்றே நினைத்தார். அடுத்த லீவு நாள் நான் ஒத்திகைக்குப் போனபோது உங்கப்பா டிரம்ஸைக் கழற்றித் துணியில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த எடத்துல நீங்க ஒரு கட்டம் எறங்கி நின்னீங்க."

"கை தவறிடுச்சு."

"தவறுனா ஒடனே மேல வந்திருப்பீங்க. நீங்க நின்னீங்க." கட்டுவதை நிறுத்தாமலே சொன்னார். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா என் காலு கீழ வரும்போது உங்க வெரல் அங்க இருக்கும்னு நம்பித்தான் நான் மிதிக்கிறேன். இனிமே அப்டி மிதிக்க என்னால ஆவாதுங்க."

அவர் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் கடைசி முடிச்சைப் போடுவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் உன்னிடம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நீ பாலிடெக்னிக் முடித்துவிட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று வந்து நின்றாய். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தினம் சாப்பாடு போடும்போது, "உனக்கு சரிப்படுமா என்னவோ" என்று மெதுவாக ஒரு வார்த்தை போட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு மாசத்தில் நீயே, "எனக்குத் தைரியம் பத்தாதும்மா" என்று வேலைக்குப் போனாய். உனக்குத் தைரியம் இருந்தது. அடியில் நான் வாசித்தது சரியில்லை. நீ உன் பயம் என்று நினைத்தது என் பயம். அடியில் தணிந்து ஒலிப்பது மேலே நிற்பவரை எவ்வளவு தூரம் தள்ளிவிடும் என்று எனக்கு இருபது வயதிலேயே தெரிந்திருந்தும் அதைச் செய்தேன். என்னை மன்னித்துவிடு. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் நீ இதைச் செய்யாதே. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே, சத்தமாகச் சொல்.

போளூருக்கு அடுத்த வாரம், வேலையைப் போட்டுவிட்டு பேஸ் கிடாரை எடுத்துக்கொண்டு கண்ணமங்கலம் பஸ் ஏறினேன். பஸ்ஸில் எல்லோரும் அந்தக் கிடார் பெட்டியை வெறித்தார்கள். சகுந்தலா வீட்டில் தனியாக இருந்தாள். வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. "என்ன சமாதானம் பண்றதுக்காக சொல்லிகினு வந்திருக்கீங்க. என் சுதி எனக்குத் தெரியாதாக்கா?" என்றாள். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் பேஸ் கிடார் ஊமை. அதனால் அதன் தலைப்பகுதியை அவர்கள் வீட்டு மரப் பீரோ மேல் அழுத்தி வைத்தேன். பீரோவே முழங்க ஆரம்பித்தது. "ஸ பாடு" என்றேன். பாடினாள். நான் ஸ வாசித்தேன். குரல் மண்ணில் நட்ட கம்பம் மாதிரி நின்றது. "நிறுத்தாம பாடு" என்று சொல்லி, ஒரு கட்டம் இறங்கினேன். அவள் குரல் தானாகச் சாய்ந்தது. மேலே வந்தேன், அவளும் வந்தாள். மறுபடி இறங்கினேன். இந்தத் தடவை அவள் காதைப் பொத்திக்கொண்டு பாடினாள். குரல் அசையவே இல்லை.

கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அப்போ என் சுதி போவல."

"போவல. ஒருநாளும் போவல."

அழுதாள். சந்தோஷத்தில் என்று நினைத்து ஓரடி முன்னால் போனேன். "கிட்ட வராதீங்க" என்றாள். "ஒரு வாரமா எங்க அண்ணன் என்கூட பேசல. நான் கண்ணாடிய பாத்துகினு வாயைத் தொறக்கவே பயந்துகினு இருந்தேன். நீங்க என்கிட்ட சொன்னா போதுமா? அங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க. எங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. இப்ப எயுந்து போங்க."

சொன்னேன். அவள் அண்ணன் வேலை செய்த மர டிப்போவுக்குப் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஒத்திகையில் துரை அண்ணன் முன்னால் சொன்னேன். அவர் ஆர்கன் மூடியைச் சாத்தினார். "பேஜார் புடிச்ச வேலை பண்ணிட்டியேம்மா" என்றார். அந்தக் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். நான் கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிளம்பினேன். பேஸ் கிடாருக்கு வேறு ஒருவரைப் போட்டு இரண்டு கச்சேரி நடந்தது, சகுந்தலாதான் பாடினாள். மூன்றாவது வாரம் சகுந்தலாவே முள்ளிப்பட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்கமேல கோவம் போவல. ஆனா அந்தாளு வாசிக்கிறப்போ நான் எங்க நிக்கிறேன்னே தெரியல. நீங்க வாங்க. இப்ப எனக்குக் கீழ கேக்கத் தெரியும். மறுபடி ஒரு தடவ எறங்குனீங்கன்னா, மைக்லயே சொல்லிடுவேன்."

"சொல்லு" என்றேன். அதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஆரணியிலேயே ஒரு மண்டபத்தில் அடுத்த கச்சேரி. உங்கப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். முதல் நாலு பாட்டு அவர் கால் ஜாக்கிரதையாக, கொஞ்சம் கனமாக இறங்கியது. நான் இல்லாவிட்டாலும் தானே சமாளித்துக்கொள்கிற மாதிரி. ஐந்தாவது பாட்டின் நடுவில் துரை அண்ணனின் ஆர்கன் நின்றுபோனது. ஏதோ ஒயர் விட்டுவிட்டது. அவர் விரல்கள் அழுத்துகின்றன, சத்தம் இல்லை. மேடையில் மிச்சம் இருந்தது மூன்றே பேர். டிரம்ஸுக்கு ஸ்வரம் கிடையாது. சகுந்தலாவுக்குப் பிடித்துக்கொள்ள கார்டு கிடையாது. அவள் முதுகு விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வாசிக்கிற வாத்தியத்தில் கார்டை எப்படிக் காட்டுவது? ஒன்றன்பின் ஒன்றாகத்தான். முதல் கிக்கில் ஸ. அடுத்த கிக்கில் அதற்கு ஐந்தாவதான ப. நடுவில் சின்னதாக க. அந்த மூன்றாவது ஸ்வரம்தான் இது சிரிப்பா அழுகையா என்று காதுக்குச் சொல்வது. அடுத்த கார்டு த-வில் தொடங்குகிறது. ஆர்கன் இருந்தால் நேரே அங்கே குதித்திருப்பேன். இப்போது அவளுக்கு வழி காட்ட வேண்டும். ஸ-விலிருந்து த-வுக்கு இறங்கும் வழியில் நடுவில் இருப்பது நி. என் விரல் அங்கே போக மறுத்தது, சரவணா. போளூரில் அழுத்திய அதே கட்டம். ஆனால் அது இல்லாமல் படி இல்லை. அடுத்த கிக்குக்குச் சற்று முன்னால், பலமில்லாத மாத்திரையில், ஒரு நொடி தொட்டுவிட்டு த-வில் இறங்கினேன். நின்றால் கெடுக்கிற ஸ்வரம், கடந்து போனால் வழியாகிறது. சகுந்தலா அந்தப் படியில் கால் வைத்து என்னோடு இறங்கினாள். உங்கப்பா கையில் இருந்த அலங்காரம் எல்லாவற்றையும் விட்டார். காலும் ஸ்நேரும் மட்டும் வைத்து எனக்கு இடம் கொடுத்தார். கால் இப்போது கனமாக இல்லை. என் விரல் அங்கே இருக்கும் என்று நம்பி, பார்க்காமல் இறங்கியது.

சரணத்தின் முடிவில் ஒரு நீள ஸ்வரம் இருந்தது. அவள் ஸ-வைப் பிடித்தாள். நான் கீழே ஸ-வை வைத்து, அசையாமல் நின்றேன். அவள் எவ்வளவு நேரம் பிடித்தாளோ அவ்வளவு நேரம்.

சபையில் ஆர்கன் நின்றதை அநேகமாக யாரும் கவனிக்கவில்லை. சகுந்தலாவுக்குப் பலத்த கைத்தட்டல். அவள் கும்பிட்டுவிட்டு ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, பார்த்தாள். அவளுக்கு என்மேல் கோபம் போக மேலும் ஒரு வருஷம் ஆனது. போன பிறகு எங்கள் வீட்டில் அவள்தான் உரிமையோடு திட்டுகிறவள். நீ அத்தை என்று கூப்பிட்டு, பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் கண்ணமங்கலத்தில் போய் இருந்தாயே, அதே சகுந்தலா அத்தைதான். அவளும் இத்தனை வருஷம் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று சாமான்களைக் கட்டும்போது உங்கப்பா பக்கத்தில் வந்தார். "நாளைக்கு மில்லு லீவு. வர்றீங்களா?" என்றார். அதற்குமேல் எங்களுக்குள் காதல் வசனம் எதுவும் நடக்கவில்லை. கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் சம்மதிக்கவில்லை. அவர் சாதியைச் சொல்லி, ஏர் ஓட்டிய கூலிக் குடும்பம் என்று சொல்லி, எங்கப்பா இரண்டு வருஷம் என் முகத்தில் விழிக்கவில்லை. துரை அண்ணனும் சகுந்தலாவின் அண்ணனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆமாம், அந்த அண்ணன்தான். எங்கப்பா பிறகு தானாக வந்தார். அதற்குக் காரணம் நீ.

உங்கப்பாவும் நானும் இந்த வீட்டில் போட்ட சண்டைகளை நீ பார்த்திருக்கிறாய். நல்ல ஜோடி என்று ஊரார் சொல்வதை வைத்து எங்களைப் போல இருங்கள் என்று நான் உபதேசம் செய்ய மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் கால் பிசகிய நாட்கள் உண்டு. லாரி செட்டில் வேலை போய், எட்டு மாசம் எதிலும் மனசு பிடிக்காமல் இருந்தார். அப்போது நான் என் வேகத்துக்கு ஓடியிருந்தால் இரண்டு பேரும் தனித்தனிப் பாட்டாகியிருப்போம். நான் தாமதித்தேன். எனக்கு உடம்பு முடியாமல் போனபோது அவர் தாமதித்தார். யார் சரியான வேகம் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. சேர்ந்திருப்பதுதான் முதலில், மற்றது அப்புறம். உன்னோடு வாழ வருகிறவள் பேசும்போது நீ எங்கே அமைதியாக வேண்டும் என்பதையும் கொஞ்சம் பழகிக்கொள். அதற்கு எனக்கு ஆறு மாசம் பிடித்தது என்று எழுதினேன் அல்லவா, உனக்கு அதிகமாகவே பிடிக்கும். நீ உங்கப்பாவைவிடப் பேச்சுக்காரன்.

உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஏழாம் மாசம் வரை வாசித்தேன். கிடாரின் முதுகு என் வயிற்றின் மேல்தான் படிந்திருக்கும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மரம் அதிர்வது எனக்குத் தெரிந்தால் உனக்கும் தெரிந்திருக்கும். கடைசியாக நான் மேடையேறியது ஒரு பகல் நேர விசேஷம். இரண்டாவது பாட்டில் நீ உதைக்க ஆரம்பித்தாய். கச்சேரி முடிந்து சகுந்தலா வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "என்னாக்கா, அவங்கப்பா காலோட சேத்து ஒதச்சானா?" என்று கேட்டாள். உங்கப்பா டிரம்ஸை விட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

"இல்ல" என்றேன். "இவன் தனி தாளம். கொஞ்சம் முந்திகினு போறான்."

உங்கப்பா கையிலிருந்த குச்சியால் தன் முழங்காலில் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் வேகமாகத் தட்டினார். "அப்ப நாமதான் ஜல்தி போயி அவன புடிக்கணும்" என்றார்.

இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம், கண்ணு. இப்போது உன் பக்கத்தில் ஒருத்தி வரப்போகிறாள். அவள் உன்னை எங்களைவிடச் சீக்கிரம் பிடித்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மா